கானின் நலத்துக்கு ஒரு பிரார்த்தனை

சீனாவின் தென்கிழக்குக் கரையிலுள்ள குவான்சோ துறைமுகத்தில் ஒரு தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. சகாப்தம் 1203, சித்திரை மாதம் சித்திரை நாள் என்று அதில் தேதி இருக்கிறது. நம் கணக்கில் 1281 ஏப்ரல். தவச்சக்கரவர்த்திகள் என்ற பட்டம் கொண்ட சம்பந்தப் பெருமாள் என்பவர் அங்கே ஒரு சிவனைப் பிரதிஷ்டை செய்ததைக் கல்வெட்டு சொல்கிறது. இறைவனின் பெயர் திருக்கதலீஸ்வரம் உடைய நாயனார். யாருக்காகச் செய்தார் என்பதும் அதில் இருக்கிறது. செகசை கானின் திருமேனி நலமாக இருக்க வேண்டும் என்பதற்காக, அந்தக் கானுடைய ஃபர்மான் படி, அதாவது அரசாணைப்படி, அவர் இதைச் செய்திருக்கிறார். அப்போது சீனாவை ஆண்டவர் செங்கிஸ் கானின் பேரன் குப்ளாய் கான். ஆய்வாளர்கள் செகசை கான் என்று படிப்பது அவரைத்தான்.

மங்கோலியர்கள் எல்லா மதங்களையும் வாழவிட்டார்கள் என்று பள்ளிப் பாடங்களிலிருந்து பயணக் கட்டுரைகள் வரை படித்திருப்போம். எப்படி, எதற்காக வாழவிட்டார்கள் என்பதை அந்த ஒரு கல்லே காட்டுகிறது. கோயில் கட்ட அரசு அனுமதி தந்தது, கோயில் அரசனுக்காகப் பிரார்த்தனை செய்தது. இது ஓர் ஒப்பந்தம்.

மங்கோலியர்களின் நம்பிக்கையில் உச்சத்தில் இருந்தது வானம். தெங்ரி என்று அதை அழைத்தார்கள். உலகத்தை ஆளும் உரிமையைச் செங்கிஸின் குலத்துக்குக் கொடுத்தது அந்த நித்திய வானம்தான் என்று நம்பினார்கள். வானத்தோடு பேச எத்தனையோ வழிகள் இருக்கலாம். எந்தச் சாமியாரின் குரல் மேலே எட்டுகிறது என்று யாருக்குத் தெரியும்? ஆகவே எல்லோரும் நமக்காக வேண்டிக்கொள்ளட்டும், பதிலுக்கு அவர்களிடம் வரி வாங்க வேண்டாம், அவர்களை வேலைக்கும் படைக்கும் பிடிக்க வேண்டாம் என்பதே கான்களின் முடிவு. யுவான் அரசின் ஆணைகளில் நான்கு வகையினர் திரும்பத் திரும்ப வருகிறார்கள்: பௌத்தத் துறவிகள், கிறிஸ்தவப் பாதிரியார்கள், தாவோ மதத் துறவிகள், இஸ்லாமிய அறிஞர்கள். செங்கிஸும் ஒகதாயும் சொன்னபடி இவர்கள் வரி செலுத்தாமல் வானத்தை வேண்டி எங்களை வாழ்த்தட்டும் என்பதே அந்த ஆணைகளின் சாரம்.

இந்தச் சலுகை சாதாரண விசுவாசிக்குக் கிடைக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மதகுருமாருக்குத்தான் வரிவிலக்கு, அவர்களிடம் வழிபட வந்த உழவன் வரி கட்டினான். பட்டியலில் இல்லாத சமயத்தாருக்கு, உதாரணமாக யூத ரபிகளுக்கு, அது தானாகக் கிடைக்கவும் இல்லை. மனிதனுக்கு மனசாட்சிச் சுதந்திரம் உண்டு என்ற எண்ணம் இதன் பின்னால் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் விளைவை மட்டும் பார்த்தால், 13ஆம் நூற்றாண்டில் இவ்வளவு பெரிய நிலப்பரப்பில் இத்தனை சமயங்கள் ஒரே ஆட்சியின் கீழ் அருகருகே இயங்கியது வேறெங்கும் நடக்கவில்லை.

அது நடைமுறையில் எப்படி இருந்தது என்பதை நேரில் பார்த்து எழுதி வைத்தவர் ஒரு பிரான்சிஸ்கன் துறவி. பிளாண்டர்ஸ் பகுதியைச் சேர்ந்த வில்லியம் ரூப்ரக். பிரான்ஸ் மன்னர் ஒன்பதாம் லூயியின் கடிதத்துடன் புறப்பட்டு, 1253 டிசம்பரில் மாங்கே கானின் முகாமை அடைந்தார். மாங்கே குப்ளாயின் அண்ணன், அப்போதைய பேரரசர். தலைநகர் காரகோரத்தில் பன்னிரண்டு கோயில்கள், இரண்டு மசூதிகள், ஒரு தேவாலயம் இருந்ததாக ரூப்ரக் எழுதுகிறார். விழா நாட்களில் ஒவ்வொரு மதத்தாரும் வந்து கானுக்கு ஆசி வழங்குவார்கள். அவர் எல்லோரையும் வரவேற்பார். ஒவ்வொருவரும் அவரைத் தம் மதத்தவர் என்றே நினைத்துக்கொண்டு போவார்கள். அவர் எதையும் நம்பவில்லை, எல்லோரும் தனக்காக வேண்டட்டும் என்றுதான் விரும்பினார் என்பது ரூப்ரக்கின் கணிப்பு.

1254 மே 30, பெந்தெகொஸ்தே திருநாளுக்கு முந்தின நாள். கானின் உத்தரவின்படி ஒரு விவாதம் நடந்தது. நடுவர்கள் மூவர்: ஒரு கிறிஸ்தவர், ஒரு முஸ்லிம், ஒரு பௌத்தர். எதிராளியைப் புண்படுத்தும் சொல்லையோ சண்டை மூட்டும் சொல்லையோ யாரும் பேசக்கூடாது, பேசினால் மரண தண்டனை என்று முதலிலேயே அறிவித்துவிட்டார்கள். சீனாவிலிருந்து வந்த ஒரு பௌத்தர் ரூப்ரக்கை எதிர்கொண்டார். உலகம் எப்படிப் படைக்கப்பட்டது என்பதில் தொடங்கலாமா, இறந்தபின் உயிர் என்னாகிறது என்பதில் தொடங்கலாமா என்று கேட்டார். ரூப்ரக் கடவுளில் தொடங்குவோம் என்றார். கடவுள் ஒருவரே, நல்லவர் என்றால் தீமை எங்கிருந்து வந்தது என்று பௌத்தர் மடக்கினார். ரூப்ரக் நேராகப் பதில் சொல்லாமல், உங்கள் தெய்வங்களில் எல்லாம் வல்லவர் யாராவது உண்டா என்று திருப்பிக் கேட்டார். பௌத்தர் நெடுநேரம் பேசவில்லை. நடுவர்கள் பதில் சொல்லச் சொன்ன பிறகு, எல்லாம் வல்ல தெய்வம் எதுவும் இல்லை என்றார். அங்கிருந்த முஸ்லிம்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள்.

பிறகு நெஸ்டோரியக் கிறிஸ்தவர்கள் முஸ்லிம்களோடு வாதிட முயன்றார்கள். நீங்கள் சொல்வது உண்மைதான், உங்களோடு எங்களுக்கு வாதம் வேண்டாம் என்று முஸ்லிம்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். கடைசியில் கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் உரக்கப் பாட, பௌத்தர்கள் மௌனமாக இருக்க, அதன்பின் எல்லோரும் சேர்ந்து நன்றாகக் குடித்தார்கள். இவ்வளவையும் சொல்பவர் தான் வென்றதாக நம்பிய ஒரு தரப்பினர் என்பதை மறக்கக்கூடாது. அவரே இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறார்: விவாதத்தால் யாரும் மதம் மாறவில்லை. அந்த நகரத்தில் அவர் ஞானஸ்நானம் கொடுத்தது மொத்தம் ஆறு பேருக்கு.

அடுத்த நாள் மாங்கே அவரை அழைத்துத் தன் கருத்தைச் சொன்னார். கடவுள் கைக்குப் பல விரல்களைக் கொடுத்தது போல மனிதர்களுக்குப் பல வழிகளைக் கொடுத்திருக்கிறார் என்றார். மங்கோலியச் சகிப்புத்தன்மைக்குச் சான்றாக எல்லோரும் எடுத்துக்காட்டும் வாசகம் இது. கூடவே அவர் சொன்னது அவ்வளவாக எடுத்துக்காட்டப்படுவதில்லை: உங்களுக்கு வேதம் கிடைத்தும் நீங்கள் அதன்படி நடப்பதில்லை, எங்களுக்குக் குறி சொல்பவர்கள் கிடைத்திருக்கிறார்கள், நாங்கள் அவர்கள் சொன்னபடி நிம்மதியாக வாழ்கிறோம் என்றார். அதன்பின் ரூப்ரக்கை ஊருக்கு அனுப்பிவைத்தார்.

இந்தப் பெருந்தன்மைக்கு ஓர் எல்லை இருந்தது. மங்கோலியர்களின் சொந்த வழக்கத்தோடு ஒரு மதம் மோதும் இடம்தான் அது. ஓடும் தண்ணீரில் குளிப்பதும் கழுவுவதும் வானத்தின் கோபத்தை, இடியை வரவழைக்கும் என்று அவர்கள் அஞ்சினார்கள். தொழுகைக்கு முன் கழுவிக்கொள்ளும் முஸ்லிமுக்கு இது நேரடிச் சிக்கல். ஒகதாயும் அவர் அண்ணன் சகதாயும் சென்ற வழியில் ஒரு முஸ்லிம் ஓடையில் குளித்துக்கொண்டிருந்த கதையைப் பாரசீக வரலாற்றாசிரியர் ஜுவைனி சொல்கிறார். சகதாய் அங்கேயே கொல்லத் துடித்தார். நாளை விசாரிப்போம் என்று ஒகதாய் தள்ளிப்போட்டார். இரவில் அந்த ஓடையில் ஒரு வெள்ளிக் கட்டியைப் போட வைத்தார். கையிலிருந்த ஒரே முதல் தண்ணீரில் விழுந்துவிட்டது, அதைத் தேடித்தான் இறங்கினேன் என்று சொல்லும்படி அந்த ஆளுக்குச் சொல்லியனுப்பினார். மறுநாள் வெள்ளி கிடைத்தது, ஆள் பிழைத்தான். கான் கருணை காட்டினார், ஆனால் சட்டம் அப்படியே இருந்தது.

ஆட்டை அறுக்கும் முறையிலும் இதே மோதல். மங்கோலியர்கள் இரத்தம் சிந்தாதபடி மார்பைக் கீறி, கையை உள்ளே விட்டு இதயத்தை நெரிப்பார்கள். கழுத்தை அறுத்து இரத்தத்தை வடியவிடும் இஸ்லாமிய முறை அவர்களுக்கு அருவருப்பு. குப்ளாயின் விருந்தில் பரிமாறப்பட்ட இறைச்சியை முஸ்லிம் வணிகர்கள் தொட மறுத்தபோது அவருக்குக் கோபம் வந்தது. 1280 தொடக்கத்தில் ஹலால் முறையில் அறுப்பதைப் பேரரசு முழுவதும் தடை செய்தார். மீறியவர்களைக் காட்டிக்கொடுப்பது ஒரு தொழிலாகவே ஆனது. சில ஆண்டுகளில் முஸ்லிம் வணிகர்கள் வருவது குறைந்தது, சுங்க வருமானம் சரிந்தது. அமைச்சர்கள் அதை எடுத்துச் சொன்ன பிறகே தடை விலகியது. சம்பந்தப் பெருமாள் குவான்சோவில் சிவனைப் பிரதிஷ்டை செய்த 1281இல் அந்தத் தடை நடப்பில் இருந்தது. அதே ஆண்டு பௌத்தர்களின் புகாரின்பேரில் தாவோ மத நூல்களை எரிக்கவும் குப்ளாய் ஆணையிட்டார், தாவோ தே ஜிங் ஒன்றைத் தவிர. ஒரே அரசன், ஒரே ஆண்டு. கோயிலுக்கு ஆணை, நூலுக்குத் தீ. இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் மங்கோலியரின் சமயக் கொள்கையைப் புரிந்துகொள்ள முடியாது.

ஒப்பந்தம் முறிந்த கதையை ஈரானில்தான் தெளிவாகப் பார்க்கலாம்.

மாங்கேயின் தம்பி ஹுலாகு 1258இல் பாக்தாதைப் பிடித்து அப்பாசியக் கலீஃபாவைக் கொன்றார். நகரமே கொலைக்களமானது. ஹுலாகுவின் மனைவி தோகுஸ் காதூன் கிறிஸ்தவர் என்பதால் அங்கிருந்த கிறிஸ்தவர்கள் தப்பினார்கள். ஹுலாகுவுக்கோ பௌத்தத்தில் நாட்டம். ஈரானிலும் இராக்கிலும் அவர் நிறுவிய அரசை இல்கான் அரசு என்பார்கள். ஐந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாக முஸ்லிம் மன்னர்களே ஆண்டுவந்த நிலத்தில் திடீரென இஸ்லாம் ஆட்சியாளர்களின் மதமாக இல்லாமல் போயிற்று. பௌத்தக் கோயில்கள் எழுந்தன. ஹுலாகுவின் பேரன் அர்குன் பௌத்தத்தில் ஆழ்ந்த ஈடுபாடு உள்ளவர். ஆயுளை நீட்டிக்கும் மருந்து தருவதாக இந்தியாவிலிருந்து வந்த ஒரு துறவி சொன்னதை நம்பி, கந்தகமும் பாதரசமும் சேர்ந்த கலவையை எட்டு மாதம் வரை உண்டார். நோயில் விழுந்தார். 1291இல் இறந்தார்.

மேலே கோயில்கள் எழுந்துகொண்டிருந்தபோது கீழே வேறொன்று நடந்துகொண்டிருந்தது. மங்கோலியப் படைவீரர்கள் ஈரானிய ஊர்களுக்கு அருகே முகாமிட்டு ஒரு தலைமுறைக்கு மேல் ஆகிவிட்டது. அண்டைவீட்டார் முஸ்லிம்கள், சந்தையில் முஸ்லிம்கள், பல வீடுகளில் மனைவியும் முஸ்லிம். ஊர் ஊராகச் சுற்றிய சூஃபி ஞானிகள் இவர்களுக்குப் பழக்கமான ஷாமன்களைப் போலவே நோய் தீர்த்தார்கள், குறி சொன்னார்கள். வீரர்கள் ஒவ்வொருவராக மாறினார்கள். அரசவை அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. 1282இல் ஹுலாகுவின் மகன் தெகுதர், சிறுவயதில் நிக்கோலஸ் என்று ஞானஸ்நானம் பெற்றவர், அஹ்மத் என்ற பெயரில் முஸ்லிமாக அரியணை ஏறினார். இரண்டே ஆண்டில் அர்குன் அவரை வீழ்த்திக் கொன்றார். பெரும் தளபதிகள் அப்போது அவருடன் நிற்கவில்லை. பதினொரு ஆண்டு கழித்து நிலைமை மாறியிருந்தது.

1295இல் அரியணைக்காக இருவர் மோதினார்கள். ஒருவர் பைது. மற்றவர் அர்குனின் மகன் கஸன், வயது 23. பௌத்த ஆசான்களிடம் வளர்ந்தவர், குராசானில் ஆளுநராக இருந்தபோது தாமே பௌத்தக் கோயில்கள் கட்டியவர். முதல் மோதலில் படைபலம் போதாமல் பின்வாங்கினார். அவருடைய தளபதி நவ்ரூஸ் மங்கோலிய முஸ்லிம். நீங்கள் இஸ்லாத்தைத் தழுவினால் அரியணையை வாங்கித் தருகிறேன் என்றார் அவர். அந்த ஜூன் மாதம், தமாவந்த் மலையின் அடிவாரப் புல்வெளியில், ஷேக் ஸத்ருத்தீன் இப்ராஹீம் ஹமூயி என்ற சூஃபி முன்னிலையில், கஸன் குளித்துப் புத்தாடை உடுத்திக் கலிமா சொன்னார். மஹ்மூத் என்று பெயர் சூட்டிக்கொண்டார். அவருடைய படைத்தலைவர்களும் வீரர்களும் கூட்டமாக மாறினார்கள். சில மாதங்களில் பைதுவின் ஆட்கள் அணி அணியாகக் கட்சி மாறி வந்தார்கள். அக்டோபரில் பைது கொல்லப்பட்டார்.

கஸன் அரசியலுக்காக மாறினாரா, மனத்தால் மாறினாரா? அவரிடம் பணிபுரிந்த வரலாற்றாசிரியர் ரஷீதுத்தீன் அது முழு மனமாற்றம் என்கிறார். அரசனைப் பற்றி அமைச்சர் வேறென்ன எழுதுவார்? சார்ல்ஸ் மெல்வில் போன்ற இன்றைய ஆய்வாளர்கள் கேள்வியைத் திருப்பிப் போடுகிறார்கள். ஒரு கான் மாறியதால் படை மாறவில்லை, படையில் பெரும்பகுதி ஏற்கெனவே மாறியிருந்ததால்தான் மாற்றம் கானுக்குப் பயன்பட்டது என்பது அவர்கள் வாதம். தெகுதர் தோற்றதும் கஸன் வென்றதும் ஏன் என்பதற்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

அடுத்து வந்தது இடிப்பு. தப்ரீஸுக்குள் நுழைந்ததும் பௌத்தக் கோயில்கள், தேவாலயங்கள், யூதத் தொழுகைக்கூடங்கள், நெருப்புக் கோயில்கள் எல்லாவற்றையும் இடிக்க ஆணை பிறந்தது. பின்னால் நின்று முடுக்கியவர் நவ்ரூஸ். கிழக்குத் திருச்சபையின் தலைவரான மூன்றாம் யாபலாஹாவை மராகாவில் பிடித்துத் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டு, பணம் கேட்டு அடித்தார்கள். அவர் வட சீனாவிலிருந்து புனித யாத்திரையாக வந்து, வந்த இடத்திலேயே திருச்சபைத் தலைவரானவர். நாற்பது ஆண்டுகளாகக் கான்களுக்காகப் பிரார்த்தித்து வந்த ஒரு சபையின் தலைவருக்கு நேர்ந்தது இது. ஆர்மீனிய மன்னர் ஹெதும் தலையிட்டு அவரைக் காப்பாற்றினார். சில மாதங்களில் கஸன் கிறிஸ்தவர்கள் மீதான நெருக்கடியைத் தளர்த்தினார். 1297இல் நவ்ரூஸைத் துரோகி என்று கொன்றும்விட்டார்.

பௌத்தர்களுக்கு அந்தத் தளர்வு கிடைக்கவில்லை. அவர்களுக்கு உள்ளூரில் மக்கள் இல்லை, அரசவையின் ஆதரவு மட்டுமே இருந்தது. மனதார முஸ்லிமாக இருங்கள், இல்லையென்றால் இந்தியாவுக்கோ காஷ்மீருக்கோ திபெத்துக்கோ போய்விடுங்கள் என்று கஸன் சொல்லிவிட்டார். அர்குன் கட்டிய ஒரு கோயிலைப் பற்றி ரஷீதுத்தீன் எழுதும் பகுதி என்னை விட்டு அகலாதது. கோயில் சுவரில் அர்குன் தன் உருவத்தை வரையச் செய்திருந்தார். கூரை இடிந்தபின் மழையும் பனியும் அந்த ஓவியத்தின் மேல் விழுந்தன. உங்கள் தந்தையின் உருவம் நனைகிறது, அவர் ஆத்மாவுக்காகவாவது அதைப் புதுப்பிக்கக்கூடாதா என்று அருகிலிருந்தவர்கள் கேட்டார்கள். கஸன் மறுத்தார். கோயிலாக வேண்டாம், அரண்மனையாகவாவது கட்டலாமே என்றார்கள். அதற்கும் மறுத்தார்.

இவ்வளவுக்குப் பிறகும் கஸன் முழுக்க மங்கோலியராகவே இருந்தார். தந்தையின் மனைவியரில் ஒருவரான புலுகான் காதூனை மங்கோலிய வழக்கப்படி மணந்தார். இஸ்லாமியச் சட்டத்தில் அதற்கு இடமில்லை. தந்தை முஸ்லிம் அல்லர், ஆகவே அந்த முதல் திருமணமே செல்லாது என்று ஒரு சமாதானம் கண்டுபிடித்தார்கள். 1299இல் முஸ்லிம் மம்லூக்குகள் மீதே படையெடுத்துச் சிரியாவுக்குள் போனார். செங்கிஸின் சட்டத்தை இன்னும் கடைப்பிடிப்பவர்களோடு போரிடலாம் என்று டமாஸ்கஸின் அறிஞர் இப்னு தைமிய்யா தீர்ப்பு வழங்கினார். அவர்கள் வாயால் சொன்ன கலிமா அவருக்குப் போதவில்லை.

கஸனின் தம்பி ஒல்ஜெய்து குழந்தையாக ஞானஸ்நானம் பெற்று, பௌத்தராக இருந்து, ஸுன்னியாகி, கடைசியில் ஷியா ஆனார். 1307 வாக்கில் அவர் முன்னிலையில் இரண்டு ஸுன்னிப் பிரிவுகளின் அறிஞர்கள் ஒருவரையொருவர் கேவலமாகத் தாக்கிப் பேசினார்கள். அதைக் கேட்ட மூத்த தளபதி குத்லுக் ஷா, பாட்டன் பூட்டன் வழியை விட்டு இத்தனை பிரிவுகளுள்ள அரபு மதத்துக்கு ஏன் வந்தோம் என்று வருந்தினாராம். அரை நூற்றாண்டுக்கு முன் மாங்கேயின் விவாதத்தில் வசைக்குத் தடை இருந்ததை அவர் அறிந்திருப்பாரோ என்னவோ.

ரஷ்யப் புல்வெளியை ஆண்ட கிளையில் பெர்கே என்பவர் ஹுலாகுவின் காலத்திலேயே முஸ்லிமாகி, ஹுலாகுவோடு போரும் நடத்தினார். அங்கே 1313க்குப் பின் உஸ்பெக் கானின் ஆட்சியில் இஸ்லாம் நிலைத்தது. ஆனாலும் ரஷ்யத் திருச்சபைக்கு 1267இல் கிடைத்த வரிவிலக்கு தொடர்ந்தது. முஸ்லிம் கானுக்காகவும் கிறிஸ்தவப் பாதிரியார்கள் வேண்டிக்கொண்டார்கள்.

கிழக்கில் கதை வேறு. குப்ளாய் திபெத்திய சாக்கிய மரபின் பக்பா லாமாவைக் குருவாக ஏற்று 1270இல் பேரரசின் ஆசான் ஆக்கினார். பேரரசின் மொழிகளையெல்லாம் எழுத ஒரு புதிய எழுத்துமுறையை அவரைக் கொண்டே உருவாக்கினார். ஆனால் இந்தப் பௌத்தம் அரண்மனைக்கு வெளியே அதிகம் பரவவில்லை. சாதாரண மங்கோலியன் தன் ஷாமனிடமே போனான். 1368இல் யுவான் அரசு விழுந்து மங்கோலியர்கள் புல்வெளிக்குத் திரும்பியபோது அந்த ஈடுபாடும் பெரிதும் தேய்ந்தது. ஈரானில் கீழிருந்து மேலே போன மாற்றம் இங்கே மேலேயே நின்றுவிட்டது.

அது மக்களிடம் இறங்க இன்னும் இருநூறு ஆண்டுகள் பிடித்தன. 1578இல் கோகோநோர் ஏரிப் பகுதியில் துமெத் மங்கோலியரின் தலைவர் அல்தான் கான், திபெத்தின் கெலுக் மரபுத் தலைவர் ஸோனம் கியாட்சோவைச் சந்தித்தார். அவருக்குக் கொடுத்த பட்டம்தான் தலாய் லாமா. அவருக்கு முந்தைய இரு பிறவிகளுக்கும் அந்தப் பட்டம் பின்னர் சேர்க்கப்பட்டதால் அவர் மூன்றாம் தலாய் லாமா ஆனார். பதிலுக்கு அல்தான், குப்ளாயின் மறுபிறவி என்ற அங்கீகாரம் பெற்றார். மூத்த கிளையைச் சேராத ஒரு தலைவருக்கு இது பெரிய மதிப்பு. ஸோனம் கியாட்சோ இறந்தபின் அடுத்த தலாய் லாமா 1589இல் பிறந்தார், அல்தானின் சொந்தக் குடும்பத்திலேயே.

இம்முறை மற்ற வழிகளுக்கு இடம் விடவில்லை. இறந்தவரோடு மனைவியரையும் அடிமைகளையும் குதிரைகளையும் கொல்லும் வழக்கம் தடை செய்யப்பட்டது. அது நல்ல தடை. ஆனால் கூடாரங்களில் வைத்து வணங்கிய ஒங்கோன் என்னும் முன்னோர் உருவங்களையும் எரிக்கச் சொன்னார்கள். அந்த இடத்தில் ஆறு கைகள் கொண்ட மகாகாலனை வைத்து, இரத்தத்துக்குப் பதில் பால், தயிர், வெண்ணெய் படைக்கும்படி கட்டளையிட்டார்கள். 1640இல் மங்கோலியத் தலைவர்கள் கூடி இயற்றிய சட்டத்தில், ஷாமனை வீட்டுக்கு அழைப்பவனுக்கு அபராதம் உண்டு. அவனுடைய குதிரையைப் பறித்துக்கொள்ளலாம்.